சீவிய ஹெட்டும் என் வீட்டுக்காரர் மேல் விழுந்த பழியும்

என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்று முதலில் யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆளை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடினாலே முகம் சுளிக்கிற மனிதர் அவர். அவரைப் போய்க் குடிகாரர் என்றார்கள். வண்டியில் தண்ணீர் வற்றிப்போனதுகூடத் தெரியாமல் ஓட்டி, புதிதாக வேலை பார்த்த இஞ்சினை உருக்கிவிட்டார் என்றார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கு வந்த கோபம், எழுதும்போது இன்னும் தணியவில்லை.

அவர் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் ஓட்டுநர். நான் அதே ஊரில் ஒரு சின்னத் தொழிற்பயிற்சிக் கூடத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு ஆசிரியை. குடியிருப்பது செண்பகனூரில். அவர் வண்டியை ஓட்டுவார், நான் வண்டியைப் பிரித்துக் காட்டுவேன். வீட்டில் ஒருவர் தொழிலில் இன்னொருவர் மூக்கை நுழைப்பதில்லை என்பது எங்களுக்குள் பேசாமலே வந்த ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை அந்த வருடம் நான் உடைத்தேன்.

விடுதி வண்டி ஒரு பழைய பெட்ரோல் வேன். நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் காலத்து இஞ்சின். புகை அதிகமாகி, ஆயிலைக் குடிக்க ஆரம்பித்ததும், விடுதி வார்டன் அதை ஊருக்குள் புதிதாக வந்திருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். கடை வைத்தவர் கீழே பெரிய ஊரில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்தவர். சுத்தமான கடை, சுவரில் வரிசையாக மாட்டிய ஸ்பேனர்கள், கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேஜை. பார்த்ததும் மரியாதை வருகிற மாதிரிதான் இருக்கும். எனக்கும் வந்தது.

அங்கே இஞ்சினை இறக்கி, தேய்ந்த சிலிண்டர்களை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டார்கள். வேன் திரும்பி வந்தபோது பறந்தது என்றே சொல்ல வேண்டும். வில்பட்டி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு போன வண்டி, இப்போது மூன்றாவது கியரில் ஏறுகிறது என்று அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். வார்டன் சார் ஒர்க்‌ஷாப்காரரைப் பார்க்கிற இடமெல்லாம் பாராட்டினார். நானும் நல்ல கைவேலை என்றுதான் நினைத்தேன்.

பள்ளி விடுமுறை வந்தது. ஊருக்குப் போகிற பிள்ளைகளைத் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அவர் விடியுமுன் வெள்ளனே கிளம்பினார். வேன் நிறையப் பிள்ளைகள், மேலே கேரியர் நிறையப் பெட்டிகள். மலையிறக்கம் முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை யார் மிதிக்கப் போகிறார்கள். வத்தலக்குண்டு தாண்டி, சமதளத்தில் வெயிலில் மிதித்து ஓட்டும்போதுதான் இஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. கால் எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் தட்டுகிறது.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். தண்ணீர் பார்த்தார், இருந்தது. ஆயில் பார்த்தார், இருந்தது. ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் போட்டார்.

“அண்ணே, மிதிச்சா தட்டுதுண்ணே. மேல இருக்கும்போது இப்பிடி இல்ல. என்ன செய்யட்டும்?”

“புது இஞ்சின் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். செட்டாகிரும். பயப்படாம ஓட்டுங்க.”

சொன்னவர் தொழில் தெரிந்தவர். இவர் ஓட்டினார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒரு பக்கம் இழுத்து இழுத்து நடுங்கி, பின்னால் நீலப் புகை கக்கியது. பிள்ளைகள் இருமினார்கள், சின்னவர்கள் அழுதார்கள். அவர் எல்லாரையும் இறக்கி, ரோட்டிலிருந்து தள்ளி ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, வருகிற பஸ்ஸை எல்லாம் கையைக் காட்டி நிறுத்தி, கடைசியில் ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கூடவே போய், ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டார் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். இதை அவராக எனக்குச் சொல்லவில்லை. பிறகு ஒரு பிள்ளையின் அம்மா சொல்லித்தான் தெரியும்.

வண்டியை மேலே கட்டி இழுத்து வந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் சிலிண்டர்களை மேலிருந்து மூடுகிற ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டன் தலையில் ஓட்டை. ஒர்க்‌ஷாப்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம், “ஓவர் ஹீட் சார். தண்ணி இல்லாம ஓட்டியிருக்காரு.” அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் காலைப் பிரேயரில், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், வார்டன் சார், “நம்ம டிரைவரோட கேர்லெஸ்னஸ்னால ஒரு பெரிய ஆபத்து வந்து, கடவுள் கிருபையால தப்பிச்சோம்” என்று பேசினார். என் வீட்டுக்காரர் அப்போது வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு அவரை கேட் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். விடுதி நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டத்தில் வேலையிலிருந்தே எடுப்பதா என்று முடிவு செய்வார்கள் என்று பேச்சு.

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“தண்ணி இருந்துச்சு புள்ள. நான் பாத்தேன். எங்கண்ணால பாத்தேன்.”

“அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். சிரிச்சாங்க.”

“போன் பண்ணிக் கேட்டதைச் சொன்னீங்களா?”

“அப்பிடி ஒரு போனே வரலைங்காரு அவரு. விடு. சோலியைப் பாரு.”

விடு என்றால் விடுகிற ஆளா நான்? இருபது வருடம் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்த கை, கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேட் வழியாகப் போகிற பிள்ளைகள் ஒன்றுக்கொன்று கிசுகிசுக்கின்றன. அந்த இரவு கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தேன். தண்ணீர் வற்றி இஞ்சின் சூடானால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விப் பிடிக்கும். இங்கே பிஸ்டன் தலையில் ஓட்டை. மிதித்தால் தட்டல், காலை எடுத்தால் இல்லை. மேலே இல்லாத சத்தம் கீழே வருகிறது. இது தண்ணீர் சமாச்சாரமே இல்லை. பெட்ரோலும் காற்றும் அளவுக்கு மீறி நசுங்கி, நேரங்கெட்டு வெடிக்கிற சமாச்சாரம்.

மறுநாள் வகுப்பை முடித்ததும் நேராக வார்டன் அறைக்குப் போனேன். “சார், இஞ்சின் விடுதியோட சொத்துதான? அதை நான் அளந்து பாக்கணும். நீங்களும் கூட வரணும்.”

“மேடம், உங்க ஃபீலிங் புரியுது. ஆனா எக்ஸ்பர்ட் ஒருத்தர் பாத்துச் சொல்லியாச்சு.”

“நானும் இதைச் சொல்லிக் குடுத்துத்தான் சம்பளம் வாங்குறேன் சார். அளக்கிறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் வந்தார். மனமிரங்கி வந்தாரா, நான் போகமாட்டேன் என்று தெரிந்து வந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். போகிற வழியில் கேட்டில் நின்ற என் வீட்டுக்காரரையும் நான் கையோடு கூட்டிக்கொண்டேன்.

பயிற்சிக் கூடத்திலிருந்து நான் கொண்டுபோனவை கொஞ்சம்தான். சிலிண்டர் விட்டம் அளக்கிற கேஜ், ஒரு வெர்னியர், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற ஒரு கண்ணாடிப் பியூரெட், நடுவில் துளை போட்ட தடித்த பிளாஸ்டிக் தகடு, கொஞ்சம் கிரீஸ், நிறம் கலந்த மண்ணெண்ணெய். ஒர்க்‌ஷாப்காரர் முகம் சுருங்கியது.

“என்ன மேடம், நம்ம வேலை மேல நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருந்தா கேஜ் எதுக்குண்ணே கண்டுபிடிச்சாங்க?” என்றேன்.

முதலில் ஒன்றாம் சிலிண்டரின் விட்டம். எழுபத்தொரு மில்லிமீட்டர். கம்பெனியிலிருந்து வந்தபோது எழுபது, ஒன்று கூட்டிக் கடைந்திருக்கிறார்கள். அதில் குற்றமில்லை. பிறகு கிராங்கைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பார்த்தேன். சிலிண்டர்கள் அடங்கிய பிளாக்கின் மேல்மட்டத்தோடு சமமாக நின்றது, தலை தட்டை. அடிக்கு இறக்கி ஆழம் பார்த்தேன். எழுபத்தெட்டு மில்லிமீட்டர். அதுதான் ஸ்ட்ரோக், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்.

வார்டன் சார் பள்ளிக் காலத்துக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளட்டும் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட்டேன். எல்லாவற்றையும் சென்டிமீட்டருக்கு மாற்றினேன், விடை கன சென்டிமீட்டரில், அதாவது சிசியில் வர வேண்டும் என்பதற்காக. விட்டம் ஏழு புள்ளி ஒன்று. அதில் பாதி மூன்று புள்ளி ஐந்து ஐந்து. இங்கேதான் என் மாணவர்கள் பாதியாக்க மறந்து நான்கு மடங்கு பெரிய இஞ்சினைக் கட்டிவிடுவார்கள். மூன்று புள்ளி ஐந்து ஐந்தை அதாலேயே பெருக்கி, பை என்கிற மூன்று புள்ளி ஒன்று நான்கால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு முப்பத்தொன்பதரைக்குச் சற்று மேல். அதை ஸ்ட்ரோக் ஏழு புள்ளி எட்டால் பெருக்கினால் முந்நூற்று எட்டு புள்ளி எட்டு சிசி. பிஸ்டன் ஒரு தடவை மேலிருந்து கீழே வரும்போது கடக்கிற இடம் இவ்வளவு. பழைய விட்டத்தில் இது முந்நூறுதான். சிலிண்டரைக் கடைந்ததில் எட்டரை சிசிதான் கூடியிருக்கிறது. இதனால் மட்டும் பிஸ்டன் ஓட்டையாகாது.

“அதான சொல்றேன்” என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

“இருங்கண்ணே, இன்னும் ஹெட்டுக்கே வரல.”

ஹெட்டின் அடியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராக ஒரு குழிவு தெரியும்படி அதைக் கவிழ்த்து வைத்தேன். பிளக்கை மாட்டி, வால்வுகளை மூடி, விளிம்பில் கிரீஸ் தடவி, குழிவின் மேல் பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி ஒட்டினேன். பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வார்டன் சார் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். காற்றுக் குமிழ் எல்லாம் வெளியேறி, குழிவு தகடு வரை நிறைந்ததும் நிறுத்தினேன். இருபத்தேழு புள்ளி ஒன்று. தவறு இருக்கக் கூடாதென்று துடைத்துவிட்டு இன்னொரு முறை விட்டேன். பக்கத்துக் குழிவிலும் விட்டேன். அதே அளவுதான்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கேஸ்கெட் இருக்கிறது, அதன் துளையும் ஒரு இடம்தான். நசுங்கிய கேஸ்கெட்டின் கனம் ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர், துளை விட்டம் எழுபத்திரண்டு. கணக்குப் போட்டால் நான்கு புள்ளி ஒன்பது சிசி. இதையும் குழிவையும் கூட்டினால் முப்பத்திரண்டு. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது காற்றுக்கு மிச்சமிருக்கிற மொத்த இடம் அந்த முப்பத்திரண்டு சிசிதான்.

“உள்ள போற காத்து எத்தனை மடங்கு நசுங்குதோ அதுதான் ரேஷியோ, கம்பெனி இந்த இஞ்சினுக்கு எட்டு புள்ளி எட்டுதான் குடுத்திருக்கான் சார். அப்படின்னா உச்சியில முப்பத்தெட்டரை சிசி இருக்கணும். இங்க ஆறரை சிசியைக் காணோம். எங்க போச்சு?”

வார்டன் சார் ஒர்க்‌ஷாப்காரரைப் பார்த்தார். அவர் மேஜை விளிம்பைப் பார்த்தார்.

“ஹெட்டை லேசா சீவினோம்” என்றார்.

“எவ்வளவுண்ணே லேசா?”

“ரெண்டு மில்லி இருக்கும்.”

இரண்டு மில்லிமீட்டர். ஹெட்டின் அடிமட்டத்தைச் சீவச் சீவக் குழிவின் ஆழம் குறையும், அதற்கு அவர் வைத்த பெயர் ‘லேசா’. என் வீட்டுக்காரர் அப்போது கதவோரம் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கணக்கு தப்பியிருக்கும்.

ஒர்க்‌ஷாப்காரர் சுதாரித்துக்கொண்டார். “சரி மேடம், சீவுனோம். அதனால என்ன? நீங்க சொன்ன கணக்குதான. முந்நூத்தி எட்டை முப்பத்திரெண்டால வகுங்க. ஒம்போதரை, ஒம்போது புள்ளி ஆறு. பத்துகூட வரல. எத்தனையோ வண்டி இந்த ரேஷியோல ஓடுது.”

வார்டன் சார் தலையை ஆட்டினார். வகுத்தல் சரியாகத்தானே இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கோ கோபம் தலைக்கு மேல் ஏறியது.

“பிஸ்டன் அடியில இருக்கும்போது காத்து எங்கெல்லாம் இருக்கு? சிலிண்டர்ல மட்டுமா இருக்கு? மேல குழியில இல்லையா? கேஸ்கெட் துளையில இல்லையா? முந்நூத்தி எட்டோட அந்த முப்பத்திரெண்டையும் சேக்கணும். முந்நூத்தி நாப்பது புள்ளி எட்டு. அவ்வளவு காத்தும் போய் முப்பத்திரெண்டுக்குள்ள அடையணும். இப்ப வகுங்க.”

வகுத்தது வார்டன் சார்தான், தன் போனில். பத்து புள்ளி ஆறு ஐந்து என்று வாசித்தார்.

“கம்பெனி சொன்னது எட்டு புள்ளி எட்டு சார். ஒன்பது படி அரிசியை அமுக்க வேண்டிய பானையில பத்தரைப் படிக்கு மேல அமுக்கியிருக்காங்க. பானை என்ன பண்ணும்?”

“ஆனா மேல நல்லா ஓடுச்சே மேடம். முன்னைவிட நல்லா ஓடுச்சு. நானே பாராட்டினேன்.” அவர் குரலில் இருந்தது குழப்பம்தான், நியாயமான குழப்பம். அதற்கு மட்டும் நான் கோபப்படவில்லை.

நான் ஒர்க்‌ஷாப்காரரிடம் திரும்பினேன். “எதுக்குண்ணே சீவுனீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

அவர் கம்ப்ரஷன் கேஜை எடுத்து வந்து காட்டினார். பிளக் துளையில் வைத்து இஞ்சினைச் சுற்றினால், உள்ளே எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று முள் காட்டும். அதில் ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னார். “புது பிஸ்டன், புது ரிங், எல்லாம் போட்டும் அழுத்தம் ஒம்போதரை கிலோதான் காட்டுச்சு. புக்குல பன்னெண்டு வரணும்னு போட்டிருக்கான். நானும் ரிங்கைக் கழட்டித் திரும்பப் போட்டுப் பாத்தேன், வால்வைத் தேச்சுப் பாத்தேன். ஏறவே இல்ல. அப்பத்தான் ஹெட் குழிதான் பெருசுன்னு முடிவு பண்ணிச் சீவுனேன். பன்னெண்டை ஒட்டி வந்துச்சு. விட்டேன்.”

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அது கோபத்தின் உச்சியில் வருகிற சிரிப்பு. கீழேயிருந்து லாரியில் வருகிற சிப்ஸ் பாக்கெட் இங்கே கடையில் தொங்கும்போது வெடிக்கிற மாதிரி உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்காத ஆள் கொடைக்கானலில் உண்டா? உள்ளே இருக்கிறது கீழ்க்காற்று. வெளியே இருக்கிற மலைக்காற்று மெலிசு. அவ்வளவுதான். அந்த மெலிசுக் காற்றை இழுத்து நசுக்கினால், நல்ல இஞ்சினும் கீழே காட்டுகிறதில் முக்கால்வாசியை ஒட்டித்தான் காட்டும். பன்னிரண்டு வர வேண்டியது ஒன்பதரை வந்திருக்கிறது என்றால், அந்த இஞ்சின் ஆரோக்கியமாக இருந்தது என்று அர்த்தம். அவர் அதற்கு ஆபரேஷன் செய்துவிட்டார்.

“வாசல்ல நிக்கிறது உங்க பைக்தான? புதுசுதான?”

“வாங்கி ரெண்டு மாசம்.”

“அதுல கேஜை வைங்க. அதுக்குக் கம்பெனி என்ன சொல்றான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

முடியாது என்று சொல்ல அவருக்கு வழியில்லை. வார்டன் சார் ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டார். பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்து, கிக்கரை உதைத்தார்கள். முள் ஏறி நின்றது. அதிலும் கம்பெனி சொன்ன அளவைவிடக் கால்வாசியை ஒட்டிக் குறைவு. அவர் மறுபடி உதைத்தார், மறுபடியும். முள் அதே இடத்தில்தான் நின்றது.

“இதோட ஹெட்டையும் சீவிரலாமாண்ணே?” என்றேன்.

அவர் கேஜைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் வார்டன் சாரைப் பார்த்துச் சொன்னேன். மேலே மெலிசான காற்று போய் அந்தச் சின்ன இடத்தில் நசுங்கும்போது இஞ்சின் தாங்கிக்கொண்டது, கொஞ்சம் கூடுதலாக இழுக்கவும் செய்தது, நாம் எல்லாரும் கை தட்டினோம். கீழே இறங்கியதும் சிலிண்டருக்குள் போவது கனமான காற்று, அதுவும் வெயில் காற்று, மேலே பாரம், கால் மிதித்தபடி. அதே சின்ன இடம். பிளக் பற்றவைக்கிற நெருப்பு போய்ச் சேருமுன்னே மிச்சமிருக்கிற பெட்ரோல் தானாக வெடிக்கிறது. அதுதான் அந்தத் தட்டல். அது தொடர்ந்தால் பிஸ்டன் தலை உருகி ஓட்டையாகும். தண்ணீர் ரேடியேட்டரில் தளும்பத் தளும்ப இருந்தாலும் ஆகும்.

“போன் வந்துச்சாண்ணே, வரலையா?” என்று கடைசியாகக் கேட்டேன்.

ஒர்க்‌ஷாப்காரர் கேஜை மேஜையில் வைத்தார். “வந்துச்சு” என்றார். “இப்படி ஆகும்னு நான் நெனைக்கல.”

நினைக்கவில்லையாம். நினைக்காதவர் தப்பித்துக்கொள்ள மட்டும் வெரசா யோசித்திருக்கிறார். வேறு எத்தனை வண்டிக்கு இப்படிச் சீவிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் வார்டன் சாரைப் பார்த்தார். நான் விடவில்லை. எல்லாருக்கும் இன்றைக்கே போன் போட்டு, கீழே இறங்கவேண்டாம் என்று சொல்லுங்கள் என்று அவர் எதிரிலேயே நின்றேன். முதல் போனை அவர் போட்டபிறகுதான் கிளம்பினேன். இந்த மலையிலிருந்து பூண்டு மூட்டையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எத்தனை வண்டி தினமும் கீழே போகிறது என்று அந்த மனிதருக்கு ஒரு தடவையாவது தோன்றவில்லையே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

மாதக் கூட்டத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். நீள மேஜை, தேநீர், பிஸ்கட். வார்டன் சார் நடந்ததை எல்லாருக்கும் விளக்கினார். கணக்கைக் கூடச் சரியாகவே சொன்னார், முப்பத்திரண்டைக் கூட்ட மறக்கவில்லை. நான் கொஞ்சம் மனம் தணிந்து உட்கார்ந்திருந்தேன். முடிவில் சாவியை மேஜை மேல் என் வீட்டுக்காரர் பக்கம் நகர்த்திவிட்டு, “சரி, போனது போகட்டும். எல்லாத்தையும் ஃபர்கிவ் பண்ணி உங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கிறோம். இனிமே கேர்ஃபுல்லா இருங்க” என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மன்னிக்கிறார்களாம். எதற்கு? இஞ்சினைக் கெடுத்தவர் ஒருத்தர், பொய் சொன்னவர் ஒருத்தர், விசாரிக்காமல் பிள்ளைகள் முன்னால் பேசியவர் இன்னொருத்தர், மன்னிப்பு மட்டும் இவருக்கா? நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சாவியைத் தொடவில்லை.

“மன்னிக்கிறதா இருந்தா எனக்கு வேலை வேண்டாம் சார்” என்றார். குரல் உயரவே இல்லை. “பிரேயர்ல பிள்ளைக முன்னாடிதான் என்னைச் சொன்னீங்க. அதே பிரேயர்ல, அதே பிள்ளைக முன்னாடி, இந்த ஆளு மேல தப்பில்லன்னு சொல்லுங்க. அப்புறம் சாவியை வாங்கிக்கிறேன்.”

மேஜையில் ஒருவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். இவ்வளவு நாள் விடு, விடு என்று என்னிடம் சொன்ன மனிதர் இவர்தானா என்று எனக்கே ஆச்சரியம். வார்டன் சார் சாவியைத் திரும்பத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, “நாளைக்குக் காலையில வாங்க” என்றார்.

போனோம். நானும் வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன், வார்டன் சார் என்ன சொல்கிறார் என்று காதால் கேட்காமல் நம்பமாட்டேன் என்றுதான். பனி விலகாத மைதானத்தில் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு வரிசையாக நின்றார்கள். வார்டன் சார் மைக்கில், இஞ்சின் வேலையில் நடந்த பிழையால்தான் வண்டி கெட்டது, டிரைவர் அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை, நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பின்வரிசையிலிருந்து நடந்து முன்னால் போய் மைக்கைப் பிடித்தார். மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவர், தூரமாகவே நின்று பேசினார்.

“வண்டி தட்டுனப்ப நான் நிறுத்தியிருக்கணும் பிள்ளைகளா. எங்காதுல கேட்டுச்சு. தொழில் தெரிஞ்சவரு ஓட்டச் சொன்னாருன்னு உங்களை வச்சுக்கிட்டே ஓட்டிட்டேன். இனிமே தட்டுனா, எவன் ஓட்டச் சொன்னாலும் நான் ஓட்டமாட்டேன்.”

சொல்லிவிட்டு வார்டன் சார் முன்னால் கையை நீட்டினார். அவர் சாவியைக் கொடுத்தார்.